பள்ளியின் தூரநோக்கு: சுவரில் எழுதுமுன்

மலேசியாவில் பல பள்ளிகளின் முகப்பில் இரண்டு வாசகங்களைக் காணலாம். ஒன்று தூரநோக்கு, பள்ளி எந்நிலையை அடைய விரும்புகிறது என்பதை அது கூறும். மற்றொன்று பணிக்குறிக்கோள், அந்நிலையை அடையப் பள்ளி நாள்தோறும் யாது செய்கிறது என்பதை அது கூறும். ஆயின், “சிறந்த மாணாக்கரை உருவாக்கும் சிறந்த பள்ளி” என்பது போன்ற வாசகத்தில் பள்ளியின் பெயரை மறைத்து வேறொன்றின் பெயரை எழுதினாலும் பொருள் மாறுவதில்லை. மாணாக்கர் சிறப்புறுவதை வேண்டாத பள்ளியும் எங்கேனும் உண்டோ? எவரும் மறுக்க இயலாத வாசகம் ஆசிரியருக்கு வழி எதையும் காட்டாது.

அறிவு, ஆன்மிகம், உணர்ச்சி, உடல் ஆகியவற்றில் சமநிலை வாய்ந்த மனிதரை உருவாக்குதல் என்பதை 1988-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற தேசியக் கல்வித் தத்துவமே கூறிவிட்டது. அதையே பள்ளி மறுபடியும் எழுதுவதில் பயனில்லை. அப்பரந்த நோக்கத்தினுள், தன் மாணாக்கருக்கு எது முதலில் வேண்டும் என்பதே பள்ளி தீர்மானிக்க வேண்டியது. அதை அறிந்தவர்கள் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்கள்.

தொண்ணூறு மாணாக்கரும் பன்னிரண்டு ஆசிரியரும் உள்ள தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். தலைமையாசிரியர் தாமே ஒரு வாசகத்தை எழுதிக் கூட்டத்தில் படித்து, “கருத்து உண்டா?” என்று கேட்பாராயின் அமைதியே விடையாகும். அந்த அமைதியை இசைவு என்று கொள்வது பெரும் பிழை. ஆகவே அவர் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆளுக்கோர் அட்டை கொடுத்து, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி, ஒரே வினாவுக்கு விடை கேட்கிறார்: “ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் நம் மாணாக்கர், இன்று செய்ய இயலாத எதைச் செய்ய வல்லவராதல் வேண்டும்?”

முதலில் வரும் அட்டைகளுட் பல “ஒழுக்கம்”, “தன்னம்பிக்கை” என்றே இருக்கும். அவற்றைத் தள்ளிவிடலாகாது. கூட்டத்தில் மூவர் மூவராக அமர்ந்து, “இது வந்துவிட்டது என்பதை எதைக் கண்டு அறிவோம்?” என்று ஒவ்வோர் அட்டையையும் வினவ வேண்டும். “தன்னம்பிக்கை” எழுதியவர் உண்மையில் எண்ணியது வேறு என்பது அப்போது வெளிப்படும். தமிழ் வழி பயின்ற பிள்ளை, மலாய்மொழியில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் வாய் திறவாமல் கடைசி வரிசையில் அமர்ந்துவிடுகிறது. அதுவே அவர் கவலை. மற்றொருவருக்கோ, தமிழிற் பாடநூலன்றி வேறொரு நூலையும் பிள்ளைகள் தாமாகப் படிப்பதில்லை என்பது கவலை.

இங்கேதான் கருத்து மாறுபாடு எழும். வாரத்தில் ஓய்வாகக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தை மலாய்ப் பேச்சுப் பயிற்சிக்குத் தருவதா, தமிழ் வாசிப்புக்குத் தருவதா? இதற்கு அஞ்சி, இரு தரப்பாரையும் மகிழ்விக்க எல்லாச் சொற்களையும் “மற்றும்” இட்டுக் கோத்துவிடுவதே வழக்கமாக நிகழ்வது. வெற்று முழக்கங்களுட் பல இவ்வாறு பிறந்தவையே. மாறுபாட்டைத் தீர்த்தல் வேண்டும். தீர்வு எதுவாயினும் அதற்கு ஒரு விலை உண்டு என்பதைக் கூட்டம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். இப்பள்ளியினர் வாசிப்புக்கு ஒரு மணி, பேச்சுக்கு ஒரு மணி என வகுத்து, அதுவரை அந்நேரத்தில் நடந்த பழைய வினாத்தாள் பயிற்சியைக் கைவிடுகின்றனர்.

வாசகத்தைப் பன்னிருவரும் சேர்ந்து எழுத முயலலாகாது. இருவர் எழுதிக் கொணர்ந்தது இது. தூரநோக்கு: “எம் பள்ளியினின்று செல்லும் ஒவ்வொருவரும் தமிழ் நூலொன்றைத் தாமே படித்துப் பொருள் கூறுவர்; இடைநிலைப்பள்ளியின் முதல் வாரத்திலேயே மலாயில் எழுந்து வினாக் கேட்பர்.” பணிக்குறிக்கோள்: “வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஒவ்வொரு மாணாக்கரும் தாம் தெரிந்தெடுத்த தமிழ் நூலைப் படிக்கச் செய்வோம், ஒரு மணி நேரம் மலாயில் உரையாடச் செய்வோம்.”

இதுவும் இறுதியன்று. வரைவைப் பெற்ற ஆசிரியர் ஒவ்வொருவரும், “இதனால் அடுத்த திங்கட்கிழமை என் வகுப்பில் மாறுவது யாது?” என்பதற்கு ஒரு வரி எழுதித் தருகின்றனர். கணித ஆசிரியர் எழுத ஒன்றுமில்லை என்கிறார். இது குறை கூறலன்று, பயனுள்ள செய்தி. கணக்கின் வழியைப் பிள்ளைகள் வாய்விட்டு விளக்குவதும் உரையாடலே என்று அவரோடு பேசித் தெளிந்த பின்னரே வரைவு மேலாளர் வாரியத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் செல்கிறது.

தேர்வு முடிவை வாசகத்தில் நுழைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் நூறு விழுக்காட்டுத் தேர்ச்சி என்று ஒரு பள்ளி சுவரில் எழுதியிருந்தால், 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டதும் அச்சுவரைச் சுண்ணாம்பு பூசி மறைப்பதன்றி வேறு வழியில்லை. விழுக்காடுகளுக்கு உரிய இடம் ஆண்டுத் திட்ட ஏடு. அதை ஆண்டுதோறும் திருத்தி எழுதலாம்.

இப்பள்ளியினர் ஓராண்டு கழித்துச் செய்வதும் ஒன்றுண்டு. படிவம் ஒன்றுக்குச் சென்ற பழைய மாணாக்கரை ஒரு சனிக்கிழமை வரவழைத்து, முதல் வாரத்தில் எழுந்து வினாக் கேட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கின்றனர்.