திருவிழா நோட்டீஸ்: நேரமும் நன்கொடையும்

கிராமத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸில் பிள்ளையார் சுழி, அம்மன் படம், தமிழ் ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம் எல்லாம் வழக்கமான வரிசையில் வந்துவிடும். அதை எழுதும் விழாக் குழு அதிகக் கவனம் செலுத்த வேண்டியது நிகழ்ச்சி நேரங்களிலும் நன்கொடை வேண்டுகோளிலும்தான்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு காப்புக் கட்டி, மறுவாரம் வெள்ளிக்கிழமை பால்குடம் எடுக்கும் ஊரை எடுத்துக்கொள்ளலாம். காப்புக் கட்டியபின் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். விரதமும் அன்றுதான் தொடங்குகிறது. ஆகவே, சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கிறவர் லீவு சொல்லிவிட்டு வர, நோட்டீஸ் முன்கூட்டியே கைக்குச் சேர வேண்டும்.

பால்குடத்துக்கு, ‘காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று போடுவார்கள். வெள்ளிக்கிழமை 10.30க்கு ராகு காலம் தொடங்குவதால் அந்த எல்லை. ஆனால் அது அபிஷேக நேரம். ஊருணிக்கரையிலிருந்து ஊர்வலம் கோயிலை அடைய ஒன்றரை மணி நேரம் ஆகுமென்றால், 9 மணிக்கு வருகிறவர் ஊர்வலத்தைத் தவறவிடுவார். ‘குடம் எடுப்போர் காலை 7 மணிக்கு ஊருணிக்கரைக்கு வந்துவிட வேண்டுகிறோம்’ என்று தனி வரி இருந்தால் குழப்பம் இல்லை.

பின்னிரவு நிகழ்ச்சிகளில் சிக்கல் இன்னும் அதிகம். ஊர்க் கணக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். காலண்டரில் நள்ளிரவோடு தேதி மாறிவிடும். ‘வெள்ளி இரவு 2 மணி’ என்றால் ஒரு நாள் முன்னதாக வந்து காத்திருப்பவரும் உண்டு, மறுநாள் வந்து ஏமாறுபவரும் உண்டு. ‘வெள்ளி இரவு, விடிந்தால் சனிக்கிழமை’ என்று எழுதுவதே சரி.

நன்கொடைப் பகுதியில் வரியையும் காணிக்கையையும் கலக்கக் கூடாது. தலைக்கட்டு வரி என்பது ஊர்க்கூட்டம் பேசி முடிவு செய்து குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைத்தது. அதைத் தொகையோடும் கடைசித் தேதியோடும் நேராகச் சொல்லிவிடலாம். மண்டகப்படி, அன்னதானம், பூ அலங்காரம் போன்ற உபயங்கள் மனமுவந்து தருபவை. அவற்றுக்கு, ‘இயன்றதைப் பணமாகவோ பொருளாகவோ வழங்கி அம்மன் அருள் பெற வேண்டுகிறோம்’ என்ற தொனிதான் பொருந்தும். ‘அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் தேவை’ என்று எழுதினால், வயலில் விளைந்த ஒரு மூட்டையைக் கொண்டுவந்து இறக்குகிறவருக்கும் வழி பிறக்கிறது.

பணம் யாரிடம், எங்கே, எத்தனை மணிக்குக் கட்டலாம் என்பதோடு, ‘ரசீது பெற்றுக்கொள்ளவும்’ என்ற வரியும் கட்டாயம் வேண்டும். வங்கிக் கணக்கு கோயில் பெயரில் இருக்க வேண்டும். தனி ஆளின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வதுதான் பின்னால் சண்டைக்கு வித்தாகிறது. மஞ்சள் நீராட்டுக்குப் பின் வரவு செலவு வாசிக்கப்படும் நாளையும் சில ஊர்கள் நோட்டீஸின் அடியிலேயே அச்சிட்டுவிடுகின்றன.