அப்பாவுக்கு 268, பிள்ளைகளுக்கு எத்தனை?

நாற்பது வயதுகூட ஆகாதவருக்கு மாரடைப்பு என்றால் பார்க்க வருகிறவர்கள் வேலை டென்ஷனையும் ராத்திரி பரோட்டாவையும்தான் குற்றம் சொல்வார்கள். பல நேரம் அதில் உண்மையும் இருக்கும். ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால், அது பிறவியிலேயே வந்ததா என்று பார்த்தாக வேண்டும்.

ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிக்கான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என நமக்கு வருகிறது. அதில் ஒன்று பழுதாக இருந்தாலே எல்.டி.எல். சரியாக வெளியேறாது, பிறந்ததிலிருந்தே ரத்தத்தில் தேங்கத் தொடங்கிவிடும். ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் கோளாறு உண்டு. பெரும்பாலோருக்கு அது தெரியாது.

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். அப்பாவுக்கு 38 வயது, மாரடைப்பு வந்து பிழைத்தவர். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 170தான். மாரடைப்பையொட்டி சில வாரங்களுக்கு இந்த அளவு இறங்கிக் காட்டும், ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கிவிட்டால் இன்னும் இறங்கும். அதனால் அதை நம்பாமல் பீரோவைக் குடைந்து இரண்டு வருடத்துக்கு முந்தைய மாஸ்டர் செக்கப் காகிதத்தை எடுத்தார்கள். அதில் 268. கணக்குக்கு எடுக்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

பிள்ளைகள் இருவர். ஒவ்வொருவருக்கும் பழுதான மரபணு வந்திருக்க வாய்ப்பு சரிபாதி. ஆறு வயது மகனுக்கு 92 வந்தது, கவலையில்லை. ஒன்பது வயது மகள் ஒல்லி, சாப்பிடவே அடம்பிடிப்பவள். அவளுக்கு 186. தைராய்டு குறைவாலும் சிறுநீரகக் கோளாறாலும் கொலஸ்ட்ரால் ஏறலாம் என்பதால் அவற்றையும் பார்த்தார்கள், இரண்டும் சரியாக இருந்தன. உணவைச் சீராக்கி மூன்று மாதம் கழித்து எடுத்தபோது 181. பெற்றோரில் ஒருவருக்கு இப்படி அதிகமாக இருக்கும்போது, பிள்ளைக்கு 160-க்கு மேல் நீடித்தால் பரம்பரைக் கோளாறு என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எந்த வயதில் பார்ப்பது? ஐந்திலிருந்து பத்துக்குள் நல்லது. அவசியம் என்றால் இரண்டு வயதிலேயே பார்க்கலாம். பூப்பெய்தும் பருவத்தில் கொலஸ்ட்ரால் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். பதின்மூன்று வயதில் முதன்முறை பார்த்தால், கோளாறு உள்ள பிள்ளையும் எல்லைக்கோட்டில் வந்து நிற்கலாம். முதல் சோதனைக்குப் பட்டினி போடத் தேவையில்லை. லேப் காகிதத்தில் அச்சிட்டிருக்கும் 'நார்மல்' அளவு பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

எட்டு முதல் பத்து வயதுக்குள் ஸ்டாட்டின் தொடங்குவது வழக்கம். சின்னப் பிள்ளைக்கு தினமும் மாத்திரையா என்று தாத்தா பாட்டி தடுப்பார்கள். நெதர்லாந்தில் இப்படி மாத்திரை தொடங்கிய 214 பிள்ளைகளை 20 ஆண்டுகள் கவனித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். 39 வயதுக்குள் அவர்களில் இதய, ரத்தநாள நோய் கண்டவர்கள் 1 சதவீதம். அதே கோளாறு இருந்த அவர்களின் பெற்றோரில், அதே வயதுக்குள் 26 சதவீதம்.

இனி உறவினர்கள். அப்பாவின் அம்மாவுக்கு 118. அவர் பக்கம் பிரச்சினை இல்லை. ஆக, 46 வயதில் வயலில் சுருண்டு விழுந்து இறந்த தாத்தாவழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அப்பாவின் தம்பிக்கு 104. அவர் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டியதில்லை, அந்தக் கிளை அத்தோடு முடிந்தது. தங்கைக்கு 236. அவருடைய இரண்டு மகன்களுக்கும் தாத்தாவின் உடன்பிறந்தவர்களுக்கும் சோதனை வேண்டும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. அந்த அத்தை மகன்கள் இந்தப் பெண்ணுக்கு முறைமாப்பிள்ளைகள். கோளாறு உள்ள இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மரபணுவும் பழுதாக வர நாலில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பிறந்தால் எல்.டி.எல். 400, 500-ஐத் தாண்டலாம். முழங்கை, முழங்கால், குதிகால் நரம்பின் மேல் மஞ்சள் கட்டிகள் பத்து வயதுக்குள்ளேயே தெரியும். மாரடைப்பு பள்ளி வயதிலேயே வரக்கூடும்.

மருத்துவர் உங்கள் தங்கையைத் தேடிப் போகமாட்டார். நீங்கள்தான் சொல்ல வேண்டும். புகுந்த வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று தயங்காமல், மாத்திரைக்கு முந்தைய உங்கள் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பி, "எனக்கு இது பரம்பரையாக வந்தது, நீயும் பிள்ளைகளும் லிப்பிட் ப்ரொஃபைல் எடுத்து டாக்டரிடம் இதையும் சேர்த்துக் காட்டுங்கள்" என்று எழுதுங்கள்.