விற்பவர் வெளிநாட்டில் இருந்தால்

துபாயில் வசிப்பவர் தன் கோவை வீட்டை 48 லட்சம் ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவருக்கு அவர் இப்படி எழுத வேண்டும்:

"ஐயா, விலை 50 லட்சத்துக்குக் கீழே என்றால் வரி பிடிக்க வேண்டாம் என்ற விதி உள்நாட்டில் வசிப்பவருக்குத்தான், எனக்கு இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் 40 லட்சத்துக்கு வாங்கிய வீடு இது. லாபம் 8 லட்சம். செஸ் சேர்த்து 13 சதவீத வரி 1,04,000 ரூபாய். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் இல்லாவிட்டால் முழு விலைக்கும் 6,24,000 பிடிக்க நேரும். விண்ணப்பித்திருக்கிறேன், வந்ததும் அனுப்புகிறேன். அதுவரை முன்பணமும் வேண்டாம். பிடித்த வரியை என் பான் எண்ணில் கட்டி, டிடிஎஸ் சான்றிதழ் தாருங்கள்."

சான்றிதழ் இல்லாமல் குறைத்துப் பிடித்தால், பாக்கி வரியும் வட்டியும் வாங்கியவர் தலையில் விழும். முன்பணம் கொடுக்கும் முன்பே, விற்பவர் எங்கே வசிக்கிறார் என்று கேளுங்கள்.