சொட்டு மருந்துக்கும் லென்ஸுக்கும் நடுவே பத்து நிமிடம்

கண் அரிப்புக்குச் சொட்டு மருந்து விட்ட கையோடு கான்டாக்ட் லென்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. லென்ஸைக் கழற்றாமலே அதன்மேல் மருந்தை விடுகிறவர்களும் உண்டு. அரிப்பு என்னவோ அடங்கிவிடும். ஆனால் மருந்தோடு சேர்ந்து புட்டிக்குள் இருக்கும் இன்னொரு பொருள் லென்ஸில் ஏறிவிடுகிறது.

அதன் பெயர் பென்சால்கோனியம் குளோரைடு. திறந்த புட்டியில் கிருமி வளராமல் காக்கச் சேர்க்கும் பதப்பொருள் இது. ஒவ்வாமைக்குப் பரவலாகத் தரப்படும் கீட்டோடிஃபென், ஓலோபடடின் சொட்டுகள் பலவற்றில் இது கலந்திருக்கும். வழக்கமான அளவு 0.01 சதவீதம்தான். சோப்பைப் போல எண்ணெய்ப் பசையைக் கரைப்பதால், கண்ணீர்ப் படலத்தைக் குலைத்துக் கருவிழியின் மேற்பரப்புச் செல்களை உறுத்தும். வெறும் கண்ணில் விட்டால் கொஞ்ச நேரத்தில் கண்ணீரோடு வடிந்துவிடும். நீரை உறிஞ்சும் மென்மையான லென்ஸோ அதைப் பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லக் கருவிழியின்மேல் கசியவிடும். மாதக் கணக்கில் போடும் லென்ஸ் என்றால் இது நாளுக்கு நாள் சேரவும் கூடும்.

மருந்து விட்டுப் பத்து நிமிடமாவது பொறுக்கச் சொல்வது இதனால்தான். ஒரு சொட்டு முழுவதையும் தாங்கும் இடம் கண்ணில் இல்லை; மிஞ்சியது உடனே வழிந்துவிடும். எஞ்சியதை, நிமிடத்துக்கு ஆறில் ஒரு பங்கு என்ற கணக்கில் புதுக்கண்ணீர் வெளியேற்றுகிறது. பத்து நிமிடத்தில் பெரும்பகுதி போய்விடும். சில மருந்துகளின் அட்டையில் 15 நிமிடம் என்றிருக்கும். அப்போது அதுவே கணக்கு.

காலை எட்டு மணிக்கு அலுவலகம் கிளம்பும் ஒருவருக்கு மருத்துவர் கீட்டோடிஃபென்னை இரு வேளை எழுதித் தந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணிக்குக் கை கழுவிக் கீழிமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளலாம். ஏழே காலுக்கு லென்ஸ். மாலையில் வீடு திரும்பி லென்ஸைக் கழற்றியபின் அடுத்த சொட்டு. ஒருநாளைக்கு ஒரே வேளை விடும் 0.2 சதவீத ஓலோபடடின் இன்னும் தோது: மருத்துவர் ஒப்புக்கொண்டால் இரவில் லென்ஸைக் கழற்றியபின் விட்டுக்கொள்ளலாம், காலையில் காத்திருக்கும் வேலையே இல்லை.

பதப்பொருளே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு குப்பிகளில் அது இல்லாத சொட்டுகள் கிடைக்கின்றன. ஆனாலும் அட்டை வேறு மாதிரி சொல்லாதவரை லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் விடவேண்டும்.

எல்லா அரிப்பும் மகரந்தத்தாலோ தூசியாலோ வருவதில்லை. லென்ஸைக் கழற்றியதும் அரிப்பு கூடினால், நூல் நூலாகச் சளி வந்தால், லென்ஸ் இடம் நழுவினால், லென்ஸில் படியும் அழுக்கால் மேலிமையின் உட்புறம் கொப்புளித்திருக்கலாம். அதற்குச் சொட்டு மட்டும் போதாது. சில வாரம் லென்ஸுக்கு ஓய்வு தரவேண்டியிருக்கும். வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் இருந்தால் அது ஒவ்வாமையாக இல்லாமல் கருவிழித் தொற்றாக இருக்கலாம். லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகவேண்டும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கையோடு எடுத்துச் சென்றால் கிருமிப் பரிசோதனைக்கு உதவும்.