பருப்பு நான்கு

“பருப்பு வாங்கி வா” என்று யாழ்ப்பாணத்து வீடொன்றிற் சொன்னாற் கடைக்காரர் செந்நிறமான மைசூர்ப் பருப்பையே நிறுத்துக் கொடுப்பார். அதே சொல்லைத் தமிழகத்திற் சொன்னாற் பெரும்பாலும் துவரம்பருப்பே வீடு வந்து சேரும். சொல் ஒன்று, பொருளோ இரண்டு. இம்மயக்கத்தினாற் சட்டி கெட்ட கதைகள் பல. அவற்றுள் ஒன்றை யான் கண்ணாரக் கண்டேன்.

மாணவர் விடுதியொன்றிலே தைப்பொங்கலன்று விடியற்காலையிற் பானை ஏற்றினோம். நான்கு சுண்டு பச்சையரிசிக்கு ஒரு சுண்டு பயத்தம்பருப்பு என்பது கணக்கு. விளக்கொளியிற் களஞ்சிய அறைக்குச் சென்ற மாணவன், தோல் நீக்கிய உழுத்தம்பருப்பை அளந்து கொண்டு வந்து விட்டான். சிறிது நேரத்திற் பொங்கல் வழுவழுத்து, அகப்பையைத் தூக்கினால் நூல்போல நீண்டது. சர்க்கரை இட்டும் அது தேறவில்லை. நாற்பது பிள்ளைகள் காத்திருக்க, சூரியனும் எழுந்து விட்டான். வேறு பானை வைப்பதைத் தவிர வழியில்லாது போயிற்று.

மாணவனை முழுவதும் குறை கூறுதல் முறையன்று. பயறும் உழுந்தும் ஒரே இனத்துச் செடிகள். பருப்பிரண்டும் சிறியனவாய், நீண்டு உருண்ட ஒரே வடிவின. தாவர நூலார் வழங்கும் பெயரும் இம்மயக்கத்திற்குத் துணை செய்கின்றது. ‘முங்கோ’ என்னும் பெயர் வடநாட்டார் ‘மூங்’ என வழங்கும் பயற்றுக்கன்றி உழுந்துக்கே இடப்பட்டுள்ளது. தோலோடிருந்தால் ஐயமில்லை: பயறு பச்சை, உழுந்து கருமை. தோல் நீங்கிய பின்னரே இடர். அப்பொழுது ஒரு பிடியை வெள்ளைத் தாளிற் பரப்பிப் பகலொளியிற் காண்க. பயறு இளமஞ்சளாய்த் தோன்றும். உழுந்து தந்த வெண்மையாய்த் தாளோடு ஒத்து நிற்கும். வெளிச்சம் போதாதாயின், சில மணிகளை ஒரு நாழிகை நீரில் ஊறவிட்டு விரல்களுக்கிடையே நசுக்குக. உழுந்து வழுக்கும், பயறு வழுக்காது.

அவ்வழுவழுப்பே பொங்கலைக் கெடுத்தது. அதுவே வடைக்கும் தோசைக்கும் உயிர். உழுந்தை அரைக்கும்போது அந்தப் பசை காற்றைத் தன்னுள் அடக்கிக் கொள்கின்றது. ஆதலின் வடை உள்ளே பஞ்சுபோலாகின்றது. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை மிகச் சிறிதாகத் தெளித்து அரைத்தபின், ஒரு துளி மாவை நீரில் இடுக. மிதந்தாற் பதம், அமிழ்ந்தால் இன்னும் அடித்துக் குழைத்தல் வேண்டும். பயத்தம்பருப்போ பசையின்றிக் குழைந்து அரிசியோடு கலப்பது. பொன்னிறம் வரும்வரை வறுத்து இட்டால் மணமும் மிகும்.

மற்றை இரண்டிலும் மயங்குதற்கு வேறு காரணம் உண்டு. மைசூர்ப் பருப்பு மெல்லிய தட்டுப்போன்றது, நிறம் செம்மஞ்சள். துவரை அதனினும் பெரிது. ஒருபுறம் தட்டையாய் மறுபுறம் குவிந்த மஞ்சட் பிளவு. பச்சையாயிருக்கையில் எவரும் பிரித்தறிவர். வெந்தபின் மைசூர்ப் பருப்பின் செம்மை நீங்கி மஞ்சளாகி விடும். ஆகவே பரிமாறிய கறியின் நிறத்தைக் கொண்டு இன்ன பருப்பென்று தீர்மானித்தல் இயலாது. மைசூர் என்னும் நகரத்துக்கும் இப்பருப்புக்கும் தொடர்பு தேடுதலும் வீண். ‘மசூர்’ என்னும் வடநாட்டுப் பெயரே நம்மவர் நாவில் அவ்வாறு திரிந்தது என்று கொள்ளுதல் பொருந்தும்.

மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலே கால் மணி நேரத்தில் அல்லது சற்று மேலே வெந்து கரையும். வெங்காயமும் பச்சைமிளகாயும் இட்டுத் தேங்காய்ப் பாலில் இறக்கும் நம் பருப்புக்கறிக்கு அக்கரைதலே நலம். சாம்பாரில் அதனை இட்டாலோ காய்களுக்கிடையே உடலின்றி நீர்த்துப் போகும். துவரைக்கு முக்கால் மணி நேரமேனும் வேண்டும். அரைமணி ஊறவைத்தால் விரைந்து வேகும். வெந்த துவரையை மசித்தாற் குழம்புக்குத் திண்மை தந்து, புளியின் கடுமையையும் தணிக்கும். ஆனால் பருப்பு முற்றாய் வேகுமுன் புளியை விடலாகாது. புளிப்பு மணிகளை இறுகச் செய்யும். பின்பு எத்துணை நேரம் எரித்தாலும் குருணை குருணையாய் நிற்கும். பழைய துவரையும் இவ்வாறே வேக மறுக்கும். ஆதலிற் சாம்பார் சரிவராவிடின், புளியை எப்பொழுது விட்டோம் என்பதையும், பருப்பு எவ்வளவு காலம் கிடந்தது என்பதையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

அந்த விடுதியில் இப்பொழுது போத்தல்கள் நான்கிலும் பெயர் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றது. எழுதியவன் அம்மாணவனே. ‘பருப்பு’ என்று மட்டும் எழுதப்பட்ட போத்தல் ஒன்றும் அங்கே இல்லை.