ஒரே கட்டளையில் எல்லா மென்பொருள்களுக்கும் அப்டேட்

விண்டோஸ் கணினியில் நாமாக நிறுவிக்கொள்ளும் மென்பொருள்களில் சில தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும். குரோம், பயர்பாக்ஸ் போன்ற உலாவிகள் இந்த வகை. வேறு சில, நாம் தேடிப்போய் புதிய பதிப்பை நிறுவும்வரை பழையபடியே கிடக்கும். கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் பலரும் பயன்படுத்தும் 7-ஜிப் அப்படிப்பட்டது. புதிய பதிப்பு வந்திருப்பதைக்கூட அது சொல்வதில்லை.

இதனால் வரும் ஆபத்துக்கு அண்மைய உதாரணம் ஒன்று உண்டு. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பின் மீது விண்டோஸ் ஓர் அடையாளம் இட்டு வைக்கும். அந்தக் கோப்பைத் திறக்கும்போது எச்சரிக்கை வருவது அதனால்தான். சுருக்கிய கோப்புக்குள் இன்னொரு சுருக்கிய கோப்பை வைத்து அனுப்பினால், விரித்தெடுத்த கோப்பில் அந்த அடையாளம் விடுபட்டுப்போகும் குறை 7-ஜிப்பில் இருந்தது. 2024 நவம்பரில் வந்த 24.09 பதிப்பு அதைச் சரிசெய்தது. குறை பற்றிய விவரம் 2025 ஜனவரியில் வெளியானது. இடைப்பட்ட காலத்தில் திருத்தம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் தளத்துக்குப் போய் இறக்கிக்கொண்டவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது.

ஒவ்வொரு தளமாகப் போவதிலும் சிக்கல் உண்டு. தேடுபொறியில் பெயரைத் தட்டினால் அசலைப் போலவே தோன்றும் போலித் தளங்கள் சில நேரம் விளம்பரமாக மேலே வந்து நிற்கும். இந்த அலைச்சலையும் ஆபத்தையும் குறைக்கிறது விங்கெட். மைக்ரோசாப்ட் 2020 மே மாதம் அறிவித்து, அடுத்த ஆண்டு மே மாதம் 1.0 பதிப்பாக வெளியிட்ட கருவி இது. விண்டோஸ் 11-இல் கூடவே வருகிறது. டெர்மினலைத் திறந்து இப்படித் தட்டினால் போதும்:

```
winget upgrade
```

முதல் தடவை, மைக்ரோசாப்ட் ஸ்டோரின் நிபந்தனைகளை ஏற்கிறீர்களா என்று கேட்கும், `Y` தட்டலாம். பிறகு ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
Name               Id         Version  Available  Source
7-Zip 24.08 (x64)  7zip.7zip  24.08    24.09      winget
```

கணினியில் இருப்பது 24.08, கிடைப்பது 24.09 என்று பொருள். இந்தக் கட்டளை பட்டியல் காட்டுவதோடு சரி, எதையும் மாற்றாது. அதனால் முதலில் இதைப் படித்துப் பார்ப்பதே நல்லது. பிறகு,

```
winget upgrade --all
```

என்று கொடுத்தால் பட்டியலில் உள்ளவை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்படும். அதற்கு முன் அந்த மென்பொருள்களை மூடிவிட வேண்டும். திறந்திருந்தால் சில நிறுவிகள் அவற்றைத் தாமே மூடிவிடும். சேமிக்காத வேலை போய்விடலாம்.

விங்கெட் மென்பொருள்களைத் தன்னிடம் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குறிப்புக் கோப்பு கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. நிறுவியை எந்த முகவரியிலிருந்து இறக்க வேண்டும், அந்தக் கோப்பின் ஹாஷ் என்ன என்பவை அதில் உண்டு. ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட குறியீடு. கோப்பில் ஒரு பைட் மாறினாலும் குறியீடு மாறிவிடும். இறக்கிய கோப்பின் குறியீடு பொருந்தாவிட்டால் விங்கெட் நிறுவ மறுக்கும். தயாரிப்பாளர் கோப்பை மாற்றிவிட்டு, குறிப்பு இன்னும் திருத்தப்படாமல் இருந்தாலும் இதே மறுப்பு வரும். ஓரிரு நாள் பொறுத்து மறுபடி முயல்வதுதான் சரி. சோதனையைத் தாண்டிப்போக வழி தேடக் கூடாது.

எல்லாவற்றையும் புதுப்பிப்பது எப்போதும் விருப்பமாக இருக்காது. அலுவலக மேக்ரோக்கள் லிப்ரே ஆபிஸின் ஒரு பழைய பதிப்பில் மட்டும் சரியாக ஓடுகின்றன என்றால், அதை அப்படியே நிறுத்தி வைக்கலாம்:

```
winget pin add --id TheDocumentFoundation.LibreOffice
```

இதன்பின் `--all` அதைத் தொடாது. `add` இருக்கும் இடத்தில் `remove` என்று கொடுத்தால் தடை நீங்கும்.

வேலை முடிந்ததும் `winget upgrade` கட்டளையை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்னும் பட்டியலில் நிற்பவை புதுப்பிக்கப்படவில்லை. நிறுவும் முறையையே தயாரிப்பாளர் மாற்றியிருப்பது இதற்கு ஒரு காரணம். அப்போது, பழையதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுமாறு விங்கெட்டே செய்தி காட்டும். பதிப்பு எண் `Unknown` என்று இருப்பவற்றை `--all` வழக்கமாக விட்டுவிடும். `--include-unknown` சேர்த்து அவற்றையும் புதுப்பிக்கலாம். ஆனால் எண் தெரியாததால், ஏற்கெனவே புதிதாக இருப்பதையே ஒவ்வொரு முறையும் திரும்ப நிறுவ நேரலாம்.

நிறுவாமல், ஜிப் கோப்பை விரித்து அப்படியே இயக்கும் மென்பொருள்கள் இந்தப் பட்டியலில் வரவே வராது. விண்டோஸின் நிறுவப்பட்டவை பட்டியலைப் பார்த்துத்தான் விங்கெட் கணினியில் என்னென்ன உண்டு என்று அறிகிறது. அதில் இவை பதிவாவதில்லை. இவற்றுக்கு மட்டும் இன்னமும் தயாரிப்பாளரின் தளத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.