பழைய மேண்டேட்டைக் கடைசியில் ரத்து செய்யுங்கள்

வேலை மாறினால் பெரும்பாலும் சம்பளக் கணக்கும் மாறும். புது நிறுவனம் வேறொரு வங்கியில் கணக்கு திறந்து கொடுக்கும். கடன் தவணை மட்டும் பழைய கணக்கையே தேடி வந்துகொண்டிருக்கும். அதை நிறுத்த, பழைய வங்கியின் ஆப்பைத் திறந்து மேண்டேட்டை ரத்து செய்துவிடுகிறார்கள் பலர். கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை அது.

இந்தத் தானியங்கிப் பிடித்தத்தைப் பலரும் இன்னும் ஈசிஎஸ் என்றுதான் சொல்கிறோம். இப்போது அது நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷனின் ‘நாச்’ வழியாக நடக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் தன் வங்கி மூலம் பணம் கேட்கும். நாம் கொடுத்த மேண்டேட் இருந்தால் நம் வங்கி பணத்தை விடும். மேண்டேட் என்பது எடுத்துக்கொள்ளும் அனுமதி மட்டுமே. அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் கடன் ஒப்பந்தமும் தவணைத் தேதியும் அப்படியே நிற்கும். வேறு வழியில் பணம் போகாவிட்டால் அந்த மாதம் தவணை தவறியதாகவே ஆகும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு மாதம் 5-ஆம் தேதி 8,450 ரூபாய் தவணை. பழைய வங்கியில் கடைசிச் சம்பளம் ஆகஸ்ட் 31 அன்று வருகிறது; புது வங்கியில் முதல் சம்பளம் செப்டம்பர் 30 அன்று. கையில் கடைசிச் சம்பளம் இருக்கும்போதே அவர் பழைய கணக்கில் இரண்டு தவணைக்கான 16,900 ரூபாயையும், மினிமம் பேலன்ஸுக்கும் பிடித்தங்களுக்கும் கொஞ்சம் கூடுதலாகவும் விட்டுவைக்க வேண்டும். சில மாதம் சம்பளம் வராவிட்டால் சம்பளக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காகிவிடும் என்பதால் இந்தக் கூடுதல் தொகை தேவை.

செப்டம்பர் 5 தவணை பழைய கணக்கில் போனதும், மறுநாளே கடன் நிறுவனத்திடம் ‘மேண்டேட் மாற்ற வேண்டும்’ என்று எழுத்தில் கேட்கலாம். நெட்பேங்கிங், டெபிட் கார்டு அல்லது ஆதார் மூலம் புதிய மேண்டேட்டைப் பதியலாம். காகிதப் படிவமென்றால் நாளாகும்; கையெழுத்து வங்கியில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் திரும்பியும் வந்துவிடும். பதிந்ததற்கு அடையாளம் UMRN என்ற தனி எண். புது வங்கியின் நெட்பேங்கிங்கில் அந்த மேண்டேட் செயல்பாட்டில் இருப்பதாகக் காட்ட வேண்டும். ‘விண்ணப்பம் ஏற்கப்பட்டது’ என்ற எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள்.

அது காட்டினாலும் பழையதை உடனே ரத்து செய்யக் கூடாது. தவணைத் தேதிக்குச் சில நாள் முன்பே பிடித்தப் பட்டியலை நிறுவனம் வங்கிக்கு அனுப்பிவிடும். அதன்பின் செய்த மாற்றம் அடுத்த மாதத்துக்குத்தான். நாமே 3-ஆம் தேதி ஆன்லைனில் தவணையைக் கட்டினாலும், பட்டியல் ஏற்கெனவே போயிருந்தால் 5-ஆம் தேதி வங்கியிடம் மறுபடி கேட்பார்கள். பணமிருந்தால் இரட்டைப் பிடித்தம், இல்லாவிட்டால் பவுன்ஸ். அதனால்தான் அக்டோபர் 5 அன்று இரண்டு கணக்கிலும் 8,450 ரூபாய் இருக்க வேண்டும். அன்று புதுக் கணக்கில் பிடித்தம் ஆனதைப் பார்த்த பிறகுதான் பழைய மேண்டேட்டை ரத்து செய்ய வேண்டும். ஞாயிறு என்றால் தப்பலாம் என்றும் இல்லை. 2021 ஆகஸ்ட் முதல் நாச் எல்லா நாளும் இயங்குகிறது.

கணக்கைக் காலியாக்கி நிறுத்தப் பார்ப்பது எல்லாவற்றிலும் மோசமான வழி. போதிய பணமில்லாமல் பிடித்தம் திரும்பினால், 2007-ஆம் ஆண்டின் பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25-ஆம் பிரிவில், செக் பவுன்ஸ் போலவே வழக்குக்கு இடமுண்டு. செலவும் ஒரு தடவையோடு நிற்காது. வங்கியின் கட்டணம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 590. நிறுவனம் சில நாள் கழித்து மறுபடி கேட்டு அதுவும் திரும்பினால் 1,180. நிறுவனத்தின் பவுன்ஸ் கட்டணம் தனி. இதைக் கவனிக்காமல் கணக்கில் சரியாக 8,450 ரூபாய் போட்டால், வங்கி முதலில் தன் 1,180 ரூபாயை எடுத்துக்கொள்ளும், மீதி 7,270. தவணை மறுபடியும் திரும்பும்! பவுன்ஸ் ஆன கணக்கில் பணம் போடுவதற்கு முன் ஸ்டேட்மெண்ட்டில் நிலுவைக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்து, அதையும் சேர்த்துப் போட வேண்டும்.

மாறும் மாதத்தில் இரட்டைப் பிடித்தம் ஆகிவிட்டால், இரண்டு கணக்கின் ஸ்டேட்மெண்ட்டையும் இணைத்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். திருப்பித் தர வேண்டுமா, அடுத்த தவணையில் கழிக்க வேண்டுமா என்பதையும் நீங்களே குறிப்பிடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனுக்குப் புகார் அனுப்பலாம். அப்போது மேண்டேட் மாற்றம் கேட்டு எழுதிய கடிதத்தின் தேதியும் UMRN எண்ணும் கைவசம் இருக்க வேண்டும்.